24 பக்கப் பாடம், 72 நிமிடக் கணக்கு: எங்கே தவறுகிறது?

பிளஸ் ஒன் மாணவர் ஒருவரின் டைம் டேபிளில் "செவ்வாய், மாலை 7.00 – 8.15: ஒளிச்சேர்க்கை" என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடம் 24 பக்கம். பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்றால் 72 நிமிடம், எனவே ஒன்றேகால் மணி. ஆனால் 8.15 ஆகும்போது அவர் பாதியில்தான் நிற்பார். ஒளிவினையைப் பற்றிய பக்கங்களை இரண்டு முறை படித்தும் பிடிபட்டிருக்காது. அன்றைய வேதியியல் நேரமும் இதற்குள் கரைந்துவிடும். மறுநாள் டைம் டேபிளே கைவிடப்படும்.

அவர் மெதுவாகப் படிப்பவர் என்று இதற்குப் பொருள் இல்லை. பாடத்தைத் திறந்து பார்க்கும் முன்பே அதற்கு நேரம் ஒதுக்கியதுதான் பிழை. ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது பக்க எண்ணிக்கையில் தெரியாது. எந்தப் பக்கம் எளிது, எந்தப் பக்கம் கடினம், அதிலிருந்து நமக்கு என்ன வேண்டும் என்பதில்தான் தெரியும். இந்த மூன்றையும் சொல்பவை முன்னோட்டமும் கேள்விகளும். அதனால் நேரக் கணக்கு இவற்றுக்கு அடுத்தே வர வேண்டும்.

முன்னோட்டம், கேள்வி, வாசிப்பு என்ற வரிசை புதியதல்ல. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கல்வி உளவியலாளர் ஃபிரான்சிஸ் ராபின்சன் 1946-இல் இதை ஐந்து படிகளாக வகுத்து எழுதினார்: மேலோட்டமாகப் பார்ப்பது, கேள்வி எழுப்புவது, படிப்பது, பாராமல் சொல்லிப் பார்ப்பது, திரும்பப் பார்ப்பது. எஸ்.க்யூ.3.ஆர். என்ற பெயரில் இன்றும் பல கல்லூரிகளில் இது சொல்லித்தரப்படுகிறது. நடைமுறையில் பலர் முதல் இரண்டைக் கடமைக்குச் செய்துவிட்டு நான்காவதை விட்டுவிடுகிறார்கள். மொத்தப் பலனில் பெரும்பங்கு அந்த நான்காவதில் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

எட்டு நிமிட முன்னோட்டம்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்துக்குப் புத்தகம் பக்கங்கள் மாறும். இங்கே 24 பக்கம், அதில் கடைசி இரண்டு பாடச்சுருக்கமும் பயிற்சி வினாக்களும்.

முன்னோட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. புக் பேக் கேள்விகளை இரண்டு நிமிடம் பாருங்கள். விடை தேட வேண்டாம். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். C4 தாவரம், ஒளிச்சுவாசம், ரூபிஸ்கோ ஆகியவை பல கேள்விகளில் தலைகாட்டினால் பாடத்தின் எடை அங்கேதான் இருக்கிறது. அடுத்து, தலைப்புகளையும் துணைத்தலைப்புகளையும் முதலிலிருந்து வரிசையாக. பிறகு படங்கள், படத்துக்குக் கீழே உள்ள வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும். பத்திகளுக்குள் போகக் கூடாது. தடித்த எழுத்தில் இருக்கும் சொற்களில் முன்பே தெரிந்தவை எத்தனை, தெரியாதவை எத்தனை என்று கண் ஓட்டினால் போதும். பாடச்சுருக்கத்தை இப்போது படிப்பது பற்றி இரண்டு கருத்து உண்டு. படிக்காமல் விடுவதே மேல் என்பேன்: அது எல்லாம் தெரிந்துவிட்டதுபோன்ற ஒரு நிறைவைத் தந்து, அடுத்து எழுப்ப வேண்டிய கேள்விகளை மழுங்கடித்துவிடுகிறது.

இதில் இரண்டு வகையில் தவறுவார்கள். ஒன்று, சுவையான ஏதோ ஒரு பத்தியில் நுழைந்து அங்கேயே தங்கிவிடுவது. எட்டு நிமிடத்துக்கு டைமர் வைப்பது இதற்காகத்தான். இன்னொன்று, பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடிவைப்பது. புரட்டியதால் ஏதாவது கிடைத்ததா என்று பார்க்க எளிய வழி, புத்தகத்தை மூடிவிட்டு அரைத்தாளில் பாடத்தின் எலும்புக்கூட்டை எழுதிப் பார்ப்பது. ஒளிச்சேர்க்கைக்கு அது ஏறக்குறைய இப்படி வரும்: ஆரம்பகால ஆய்வுகள், பசுங்கணிகமும் நிறமிகளும், ஒளிவினை, கால்வின் சுழற்சி, C4 வழி, ஒளிச்சுவாசம், ஒளிச்சேர்க்கையைப் பாதிக்கும் காரணிகள். இந்த ஏழில் நாலைக்கூட எழுத வரவில்லை என்றால் நடந்தது முன்னோட்டம் அல்ல, வெறும் புரட்டல்.

அரைத்தாள் இன்னொன்றுக்கும் உதவும். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே பக்கங்களை மூன்று வகையாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிரீஸ்ட்லி, இங்கன்ஹவுஸ் போன்றோரின் பரிசோதனைகளைச் சொல்லும் நாலு பக்கம் எளிது. பசுங்கணிகத்தின் அமைப்பு, நிறமிகள், காரணிகள் போன்றவை நடுத்தரம். அப்படிப் பதினொரு பக்கம். அம்புக்குறிகள் நிறைந்த எலக்ட்ரான் கடத்தல் படம், ATP உருவாகும் விதம், கால்வின் சுழற்சி, C4 வழி ஆகியவை கடினம். அவை ஏழு பக்கம். ஆக 22. நேரக் கணக்கு இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

கேள்வி என்ற பெயரில் எழுதப்படும் கேள்வி அல்லாதவை

தலைப்பைக் கேள்வியாக மாற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். "ஒளிவினை" என்ற தலைப்பை "ஒளிவினை என்றால் என்ன?" என்று மாற்றி எழுதுவதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். இதற்கு விடை அந்தப் பகுதியின் இரண்டாவது வரியிலேயே கிடைத்துவிடும். மீதி நாலு பக்கத்தைப் படிக்கும்போது மனத்தில் கேள்வியே இருக்காது. பகுதியைக் கடைசி வரை படித்தால்தான் விடை நிறைவாகும் என்பது போன்ற கேள்விதான் வேலை செய்யும். "ஒளிவினைக்குள் என்னென்ன போகின்றன, முடியும்போது என்னென்ன கையில் இருக்கின்றன, அவை எங்கே செலவாகின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீரும் ஒளியும் உள்ளே போய், ஆக்சிஜன் வெளியேறி, ATP-யும் NADPH-உம் மிஞ்சி, அவை கால்வின் சுழற்சிக்குப் போகின்றன என்ற முழு ஓட்டத்தையும் பிடித்தால்தான் இதற்கு விடை எழுத முடியும்.

பொதுவாக மூன்று வகைக் கேள்விகள் அறிவியல் பாடங்களில் நன்றாக உழைக்கும். எங்கிருந்து எங்கே என்பது ஒன்று. இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. ஒன்று போதுமே, ஏன் இரண்டு இருக்கின்றன என்பது மூன்றாவது. ஒளி அமைப்பு I, ஒளி அமைப்பு II என்று இரண்டு இருப்பதைப் படத்தில் பார்த்ததுமே "ஏன் இரண்டு? எலக்ட்ரான் ஓட்டம் II-இல் தொடங்கி I-க்குப் போவது ஏன்?" என்று எழுதிவைக்கலாம். எண்கள் கண்டுபிடித்த வரிசையில் இடப்பட்டவை, வேலை செய்யும் வரிசையில் அல்ல என்பது தெரிந்ததும், பலரைக் குழப்பும் அந்தப் படம் பாதி இளகிவிடும்.

இரண்டு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்ற கணக்கில் இந்தப் பாடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் போதும். பன்னிரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போதைக்குத் தோன்றும் விடையை ஒரு வரியில் எழுதுங்கள், தவறாக இருந்தாலும். படிக்கும் முன்பே விடை சொல்ல முயன்று தவறியவர்கள்கூட, படித்த பின் அந்தச் செய்தியைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரிச்லண்ட், கார்னெல், காவோ ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

முன்கேள்விகளுக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. கேட்டதைத் தேடும் கண், கேட்காததைத் தாண்டிப் போய்விடும். புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் கேள்வியாக வைத்துக்கொண்டு படிப்பவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: விடை இருக்கும் வரியில் பென்சில் கோடு இருக்கும், அதற்கு முந்திய பத்தி என்ன சொன்னது என்று கேட்டால் தெரியாது. இதைச் சரிக்கட்ட, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் "நான் கேட்காமல் விட்டது, ஆனால் கேட்டிருக்க வேண்டியது எது?" என்று ஒரு இடம் காலியாக விட்டுவைத்தால் போதும்.

கேள்விகள் சில சமயம் படிக்கும் வரிசையையே மாற்றச் சொல்லும். இந்தப் பாடத்தில் அப்படி ஒன்று நேரலாம். பல புத்தகங்களில் C4 வழி முதலிலும் ஒளிச்சுவாசம் அதற்கு அடுத்தும் வருகிறது. "C3 வழி எனப்படும் கால்வின் சுழற்சி இருக்கும்போது மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் இன்னொரு வழி எதற்கு?" என்று கேள்வி எழுதியவர், அதற்கான விடை ஒளிச்சுவாசப் பகுதியில் இருப்பதை முன்னோட்டத்திலேயே கண்டுகொள்வார். ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடை மட்டுமல்ல, ஆக்சிஜனையும் பிடிக்கும். ஆக்சிஜனைப் பிடித்தால் சர்க்கரை உருவாகாது, ATP வீணாகச் செலவாகும், ஏற்கெனவே நிலைநிறுத்திய கார்பனில் ஒரு பங்கும் வெளியேறும். இந்த இழப்புதான் ஒளிச்சுவாசம். C4 தாவரங்கள் ஆக்சிஜனைத் தொடாத வேறொரு நொதியால் கார்பன் டை ஆக்சைடை முதலில் பிடித்து, கற்றை உறை செல்களுக்குள் அதைச் செறிவாகச் சேர்த்து, ரூபிஸ்கோவுக்கு அங்கே ஊட்டுகின்றன. சிக்கலைப் படித்துவிட்டுத் தீர்வைப் படித்தால் C4 வழியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கும். தலைகீழாகப் படித்தால் அது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு சுழற்சி, அவ்வளவுதான். எனவே அட்டவணையில் ஒளிச்சுவாசத்தை C4-க்கு முன்னால் நகர்த்திவிடலாம்.

இப்போது கடிகாரம்

நேரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, அளக்க வேண்டும். மூன்று வகையிலும் ஒவ்வொரு பக்கம் எடுத்து, புரியும்படி, படங்களையும் சேர்த்துப் படித்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். எளிய பக்கத்துக்கு இரண்டரை நிமிடம், நடுத்தரத்துக்கு நாலு, கடினத்துக்கு ஒன்பது என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். எளிய நாலு பக்கத்துக்கு 10 நிமிடம், நடுத்தரப் பதினொன்றுக்கு 44, கடின ஏழுக்கு 63, மொத்தம் 117. ஏழு பக்கம் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்வதைக் கவனியுங்கள். பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்ற சராசரிக் கணக்கு ஏமாற்றுவது இங்கேதான்.

இதோடு, புத்தகத்தை மூடி நினைவுகூரும் நேரம். ஒரு பகுதிக்கு மூன்று நிமிடம். ஒளிவினை நீளமானது என்பதால் எலக்ட்ரான் ஓட்டம், ATP உருவாக்கம் என்று இரண்டாக உடைத்தால் எட்டுப் பகுதிகள், 24 நிமிடம். ஆக 141. முன்னோட்டமும் கேள்விகளும் 20, அளந்து பார்த்தது 16. அளந்ததை மொத்தத்திலிருந்து கழித்துவிடக் கூடாது. பாடத்தின் நடுவிலிருந்து பிய்த்துப் படித்த பக்கத்தை அதன் இடத்தில் மறுபடி படிக்க வேண்டியிருக்கும். எல்லாம் சேர்த்து 177 நிமிடம். ஏறக்குறைய மூன்று மணி நேரம், முதல் கணக்கைப்போல இரண்டரை மடங்கு.

இப்படிக் குறைத்து மதிப்பிடுவது மாணவர்களின் சோம்பலால் வருவதல்ல. கானிமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதைத் திட்டமிடல் பிழை என்று குறிப்பிட்டார்கள். பூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். வேலையைப் பற்றி எண்ணும்போது அது தடையில்லாமல் நடப்பதாகவே மனம் கற்பனை செய்கிறது, முன்பு எத்தனை முறை இழுத்தது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அளந்து பார்த்த மூன்று பக்கம் இந்தக் கற்பனைக்குப் போடும் கடிவாளம்.

177 நிமிடத்தை ஒரே மாலையில் திணிக்கக் கூடாது. திங்கள் மாலை முன்னோட்டம், கேள்வி, அளவெடுப்பு: 36 நிமிடம். செவ்வாய் ஆரம்பகால ஆய்வுகளும் பசுங்கணிகமும்: 32. புதன் ஒளிவினை மட்டும்: 41. வியாழன் கால்வின் சுழற்சியும் ஒளிச்சுவாசமும்: 32. வெள்ளி C4 வழியும் காரணிகளும்: 36. புதன்கிழமை அமர்வை மட்டும் உங்கள் மூளை தெளிவாக இருக்கும் வேளைக்கு மாற்றுங்கள். அதிகாலையோ, பள்ளிவிட்டு வந்து காப்பி குடித்த பிறகோ, அது ஆளுக்கு ஆள் மாறும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எளிய பக்கங்களை வைத்துக்கொள்ளலாம், எலக்ட்ரான் கடத்தலை வைக்க முடியாது. புதன் தொடங்கி ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் முந்தைய நாள் கேள்விகளுக்குப் பாராமல் விடை எழுதுங்கள். இது மேலே சொன்ன கணக்கில் சேராதது. எனவே தாளில் 41 என்றால் அட்டவணையில் 50 நிமிடம் ஒதுக்குவதே நியாயம்.

நேரம் மீறும்போது எதை வெட்டுவது

புதன்கிழமை 41 நிமிடம் முடியும்போது இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கும் என்று எதிர்பார்த்தே இருங்கள். அப்போது கை முதலில் வெட்டுவது நினைவுகூரும் மூன்று நிமிடத்தைத்தான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம், இந்தப் பக்கத்தை முடித்துவிடுவோம்" என்று தோன்றும். இதைச் செய்யக் கூடாது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் சிறிய அறிவியல் கட்டுரைகளைப் படித்தார்கள். ஒரு முறை, கட்டுரையை இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு முறை, ஒரு தடவை படித்துவிட்டு நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்ததே மேலாக இருந்தது: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்ததற்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடு நினைவில் நின்றது, இரண்டு தடவை படித்ததில் 42.

மறுவாசிப்பு ஏன் இவ்வளவு நம்பிக்கை தருகிறது என்பதும் இதில் விளங்கும். படித்து முடித்த நொடியில் அதுதான் வெல்கிறது. தேர்வு அந்த நொடியில் வருவதில்லை. எனவே நேரம் போதாவிட்டால் பக்கத்தைக் குறையுங்கள், மூடி எழுதுவதைக் குறைக்காதீர்கள். மிஞ்சிய பக்கம் அடுத்த அமர்வுக்குப் போகட்டும்.

மூடி எழுதும்போது அழகான குறிப்பு தேவையில்லை. ரஃப் நோட்டில் கேள்வி எண்ணைப் போட்டு விடையைக் கிறுக்கினால் போதும். எலக்ட்ரான் ஓட்டத்தைப் படமாக வரைந்து அம்புக்குறிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தப்பான இடத்தை மட்டும் திரும்பப் படியுங்கள், பகுதி முழுவதையும் அல்ல.

ஒரு பக்கம் அளந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு இழுத்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கும். ஒரே பத்தியை மூன்றாம் முறை படிக்கிறீர்கள் என்றால் நின்று அதைத் தேடுங்கள். ஒளிவினையில் அது பல சமயம் வேதியியல் பாக்கியாக இருக்கிறது: ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்றால் எலக்ட்ரானை இழப்பது, பெறுவது என்பது மறந்திருக்கும், அதை ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்தால் பக்கம் நகரும். இல்லாவிட்டால், உரையைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் படித்திருப்பீர்கள். ஒரு வாக்கியம் படித்துவிட்டு, அது சொல்லும் அம்புக்குறியில் விரல் வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவது மெதுவாகத் தெரியும், ஆனால் மூன்று முறை படிப்பதைவிடக் குறைந்த நேரமே எடுக்கும். காரணம் தெரியவில்லை என்றால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் பகுதியின் இறுதி வரை போங்கள். விடை சில சமயம் அடுத்த பக்கத்திலேயே இருக்கும்.

இந்த முறை எல்லாப் பாடத்துக்கும் பொருந்தாது. கணக்கிலும், கணக்குகள் மிகுந்த இயற்பியல் பாடங்களிலும் படிக்கும் நேரம் சிறியது, போட்டுப் பார்க்கும் நேரம் பெரியது. அங்கே அளக்க வேண்டியது பக்கத்தை அல்ல, கணக்கு ஒன்றுக்கு ஆகும் நிமிடத்தை. தேர்வுக்கு முந்தைய இரவில் முதன்முறையாகப் பாடத்தைத் திறப்பவருக்கும் மூன்று மணிக் கணக்கு உதவாது. அவரிடம் 45 நிமிடம்தான் இருக்கிறது என்றால் எட்டு நிமிட முன்னோட்டம், எடை மிகுந்த இரண்டு பகுதிகள், அவற்றுக்கு மூடி எழுதுதல் என்று நிறுத்திக்கொள்வதே அதிகம் தரும். 24 பக்கத்தையும் ஓட ஓடப் படித்தால் மறுநாள் சொற்கள் மட்டும் மிதக்கும்.

வெள்ளிக்கிழமை முடிந்ததும் அரைத்தாளின் அடியில், கணக்கிட்ட நிமிடத்துக்கு எதிரே உண்மையில் ஆன நிமிடத்தை எழுதுங்கள். கடினப் பக்கம் ஒன்பது என்று போட்டது பதினொன்று ஆகியிருந்தால், அடுத்து வரும் சுவாசித்தல் பாடத்துக்குப் பதினொன்றிலிருந்து தொடங்கலாம். அங்கும் சுழற்சிகளும் எலக்ட்ரான் கடத்தலும்தான், எனவே எண் ஓரளவு பொருந்தும். விலங்கியல் பாடத்துக்கு அதே எண்ணைத் தூக்கிப் போடாமல், மறுபடி மூன்று பக்கம் அளக்க வேண்டும்.